15 கிலோபைட்டில் ஒரு பந்தயக் கார்

1968இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற ஃபோர்டு ஜிடி40 கார் வெளிர்நீல நிறம். மூக்கிலிருந்து வால்வரை அதன் நடுவே ஓர் ஆரஞ்சுப் பட்டை ஓடும். அடுத்த ஆண்டும் 1075 என்ற சேசிஸ் எண் கொண்ட அதே கார் வந்து, அதே பந்தயத்தை மறுபடி வென்றது. கல்ஃப் எண்ணெய் நிறுவனம் பணம் கொடுத்து ஓடவிட்ட கார் அது. அந்த வெளிர்நீலமோ கல்ஃபின் சொந்த நிறமல்ல. கல்ஃப் விலைக்கு வாங்கிய வில்ஷயர் என்ற சிறிய எண்ணெய் நிறுவனத்தின் நிறம். கல்ஃபின் கருநீலத்தைவிட இது பந்தயத் தடத்தில் எடுப்பாகத் தெரியும் என்று நினைத்துத்தான் பூசினார்கள். நினைத்தது பலித்தது. 1971இல் ஸ்டீவ் மெக்வீன் நடித்த ‘லெ மான்’ படத்தில் அதே நிறத்தோடு போர்ஷே 917 ஓடியபின், உலகெங்கும் கார்ப் பிரியர்களின் மனத்தில் அந்த நீலமும் ஆரஞ்சும் ஒட்டிக்கொண்டன.

இன்று ‘கிரான் டூரிஸ்மோ 7’ விளையாட்டைத் திறந்து மற்றவர்களின் படைப்புகளைத் தேடினால், அந்த நிறச் சேர்க்கை ஏதோ ஒரு காரின்மேல் கண்ணில் படாமல் போகாது. லெ மான் பக்கமே போகாத சின்னஞ்சிறு கார்களும் அதை உடுத்தி நிற்கும். பூசியவர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து விளையாடுபவர்கள். பந்தயக் காரின் உடல் முழுக்க வரும் இந்த வண்ண அலங்காரத்துக்கு லிவரி என்று பெயர். அதன்மேல் ஒட்டும் தனித்தனிப் படமும் எழுத்தும் டீக்கல். நம் பேச்சில் சொன்னால் ஸ்டிக்கர்.

பிளேஸ்டேஷனுக்கான இந்த விளையாட்டு வரிசையில் லிவரி வரையும் வசதி முதன்முதலாக வந்தது 2017இல் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’டில். 2022 மார்ச்சில் வந்த ஏழாம் பாகம் அதை அப்படியே தொடர்ந்தது. விளையாட்டுக்குள் ஜிடி ஆட்டோ என்றொரு பட்டறை இருக்கிறது. காரை அங்கே கொண்டுபோனால் அடிநிறம் மாற்றலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், பந்தய எண் போடலாம், சக்கரத்துக்கு வண்ணம் கொடுக்கலாம். பயன்படுத்த எளிது. ஆனாலும் முதல்முறை வரைபவரின் காருக்கும், தேர்ந்த கையின் காருக்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். அந்த வித்தியாசம் இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒன்று, தட்டையான படத்தை வளைந்த தகட்டின்மேல் உட்கார வைப்பது. மற்றொன்று, கோப்பின் அளவு.

முதலாவதைப் பார்க்க ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் தெருவுக்கு ஒன்று நிற்கும் ஸ்விஃப்ட்டின் வேக வடிவமான ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 2017 மாடல், இந்த விளையாட்டில் இருக்கிறது. அதற்குக் கல்ஃப் உடை தைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அடிநிறம் வெளிர்நீலம். அடுத்து நடுப்பட்டை. ஜிடி40இன் ஆரஞ்சுப் பட்டைக்கு இரு ஓரமும் மெல்லிய கருநீலக் கரை உண்டு. புதியவர் ஆரஞ்சுக்கு ஒரு செவ்வகம், இரு கரைகளுக்கு இரண்டு கோடுகள் என்று மூன்று துண்டுகளாக ஒட்டுவார். மூன்றையும் நேராக நிறுத்துவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் ஏதோ ஒரு பக்கம் நீலம் இடைவெளியில் எட்டிப் பார்க்கும். பழகியவர் அப்படிச் செய்வதில்லை. கருநீலத்தில் அகலமான செவ்வகம் ஒன்றை முதலில் ஒட்டி, அதன்மேல் சற்றே குறுகிய ஆரஞ்சுச் செவ்வகத்தை அதே நடுக்கோட்டில் வைக்கிறார். கீழே இருப்பது இருபுறமும் சம அளவு வெளியே தெரியும், அதுவே கரை. இரண்டே துண்டுகள்தான், பிசகவும் வழியில்லை.

பட்டைக்கு எந்தப் படத்தையும் வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. சதுரம், வட்டம், முக்கோணம், கோடு என்று அடிப்படை வடிவங்கள் விளையாட்டிலேயே உண்டு; வேண்டிய நிறத்தையும் கொடுத்துக்கொள்ளலாம்.

இனிதான் சிக்கல். மேலிருந்து பார்த்தபடி பட்டையை வைத்தால் பானெட்டிலும் கூரையிலும் அழகாக விழுகிறது. முன்பம்பருக்கு வந்ததும் ஓரம் நெளிகிறது, கோடு இழுபடுகிறது. இந்த எடிட்டர் ஸ்டிக்கரைக் காரின்மேல் போர்த்துவதில்லை. சினிமா புரொஜெக்டர் திரையில் படத்தை விழச்செய்வதுபோல ஒரு திசையிலிருந்து வீழ்த்துகிறது. திரை நேராக நின்றால் படம் சரியாக இருக்கும். திரை சாய்ந்தால் படம் நீளும். மேலிருந்து விழும் படத்துக்கு, பானெட் கிட்டத்தட்ட நேரான திரை. பம்பரோ ஏறத்தாழ செங்குத்தாக நிற்கிறது. அங்கே படத்தின் கடைசி ஓரிரு புள்ளிகள் ஓரடிக்கு இழுபட்டுவிடும்.

எவ்வளவு நீளும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். தகடு 10 பாகை சாய்ந்திருந்தால் நீட்சி நூற்றுக்கு ஒன்றரைதான், கண்ணுக்குத் தெரியாது. 45 பாகைச் சாய்வில் படம் 1.4 மடங்கு நீள்கிறது. 60 பாகையில் சரியாக இருமடங்கு. நேர்ப்பட்டையாக இருந்தால் நீளவாக்கில் இழுபட்டாலும் பட்டை பட்டையாகவே இருக்கும் என்பதால் பாதி இடங்களில் தப்பித்துவிடலாம். வட்டத்தில் தப்பிக்க முடியாது. 45 பாகை சாய்ந்த இடத்தில் எண்ணுக்கான வெள்ளை வட்டத்தை வைத்தால் அது முட்டையாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வட்டத்தை அந்த ஒரு வாக்கில் மட்டும் பத்துக்கு ஏழாகச் சுருக்கி ஒட்ட வேண்டும். தகட்டின் சாய்வு அதை மறுபடி வட்டமாக இழுத்துக்கொள்ளும்.

பம்பரின் பட்டைக்குத் தீர்வு, அதை அங்கே தனியாக வெட்டுவதுதான். மேலிருந்து வீழ்த்தும் பட்டையைப் பானெட்டின் முன்விளிம்போடு நிறுத்திவிட வேண்டும். பம்பரில் தெரியவேண்டிய துண்டை, காரின் எதிரே நேராக நின்று பார்த்து, முன்பக்கத்திலிருந்து ஒட்ட வேண்டும். இரு துண்டும் சந்திக்கும் கோட்டை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. காரில் ஏற்கெனவே பல கோடுகள் உண்டு: பானெட் மூடும் இடைவெளி, கதவின் விளிம்பு, விளக்கின் ஓரம். சந்திப்பை அந்தக் கோட்டின்மேல் வைத்துவிட்டால் கண் அதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. வெற்றுத் தகட்டின் நடுவே வைத்தால், ஒரு நூல் விலகினாலும் உறுத்தும்.

ஸ்விஃப்ட்டின் பக்கவாட்டில் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. கதவின்மேல் ஒட்டும் எண்வட்டம் கதவில் மட்டும் விழாமல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடியின் கூட்டிலும் ஒரு துண்டாக விழக்கூடும். எதிரே நின்று பார்க்கையில் இரண்டும் ஒன்றாகப் பொருந்தித் தெரியும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தவுடன் கண்ணாடிக் கூட்டில் ஒரு வெள்ளைப் பிறை மிதக்கும். ஒவ்வொரு ஸ்டிக்கர் ஒட்டியதும் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பவருக்கு இது அப்போதே தெரியும். இருபது ஒட்டிவிட்டுப் பார்ப்பவர், எந்த ஸ்டிக்கர் இதைச் செய்தது என்று அடுக்கடுக்காகத் தேட வேண்டியிருக்கும்.

எண், பட்டை, வட்டம் எல்லாம் ஆயிற்று. இப்போது விளையாட்டில் இல்லாத ஒன்று வேண்டும்: உங்கள் அணியின் சின்னம், நீங்கள் வரைந்த ஒரு புலி, அல்லது ‘சென்னை’ என்று தமிழில் ஓர் எழுத்து வரிசை. இதற்குக் கிரான் டூரிஸ்மோவின் இணையதளம் வழியாகச் சொந்தப் படத்தை ஏற்றலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. படம் எஸ்விஜி வகையாக இருக்க வேண்டும். 15 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது.

15 கிலோபைட் என்றால் 15,360 பைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். ஆனால் எஸ்விஜி புகைப்படம் அல்ல. வடிவத்தை எப்படி வரைவது என்ற குறிப்பு அது, எழுத்தாகவே இருக்கும். இந்தப் புள்ளியில் தொடங்கு, அங்கே கோடு இழு, இந்த நிறத்தால் நிரப்பு என்று சொல்லிக்கொண்டே போகும். ஓர் ஆரஞ்சு நிற டைமண்ட் வடிவத்துக்கு முழுக் கோப்பும் இவ்வளவுதான்:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 400 600">
<path fill="#f60" d="M200 0L400 300L200 600L0 300Z"/>
</svg>
```

எண்ணிப் பார்த்தால் 120 பைட்டுக்குச் சற்று மேல். M என்றால் பேனாவை அங்கே வை. L என்றால் அங்குவரை கோடு இழு. Z என்றால் தொடங்கிய இடத்தில் மூடு. நேர்கோட்டு உருவங்களுக்கு 15 கிலோபைட் தாராளம். வளைவு வரும்போதுதான் நெருக்கடி. ஒரு வளைவைச் சொல்ல ஆறு எண்கள் தேவை. வரைபட மென்பொருள் அந்த எண்களை 12.345 என்பதுபோல மூன்று தசம இடத்தோடு எழுதினால், ஒரு வளைவுக்கு ஏறத்தாழ 42 பைட் போகும். அந்தக் கணக்கில் மொத்தம் 365 வளைவுகள்தான் கிடைக்கும். தசமத்தை நீக்கி முழு எண்ணாக எழுதினால் ஒரு வளைவு சுமார் 18 பைட்டில் முடிந்துவிடும். 850 வளைவுகள் அடங்கும். ஒரே படம், அதே 15 கிலோபைட்டில், இரண்டு மடங்குக்கும் மேல் நுணுக்கமாக நிற்கும்.

முழு எண்ணாக்கினால் வடிவம் கெடாதா என்ற கேள்வி வரும். படத்தின் அகலம் 50 அலகாக இருந்தால் நிச்சயம் கெடும். ஒவ்வொரு புள்ளியும் அரை அலகுவரை நகர்ந்து, மூக்கு கோணி, வட்டம் மூலைமூலையாகிவிடும். அதனால் தசமத்தைத் தொடுமுன் முழுப் படத்தையும் 1000 அலகு அகலத்துக்குப் பெரிதாக்க வேண்டும். அப்போது அரை அலகு என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. காரின்மேல் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பெரிதாக்கு, பிறகு தசமத்தை வெட்டு. இந்த வரிசை மாறினால் படம் போய்விடும்.

இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் சேமிக்கும்போது சாதாரண வகையைத் தேர்ந்தால், தன் சொந்தப் பயன்பாட்டுக்கான குறிப்புகளையும் கோப்பில் சேர்த்துவிடும். Plain SVG என்று தேர்ந்தால் அந்தச் சுமை குறையும். பிறகு எஸ்விஜிஓஎம்ஜி என்ற இணையக் கருவியில் கோப்பைப் போட்டால், தசம இடத்தைக் குறைக்கும் நழுவியை நகர்த்த நகர்த்த, அளவு இறங்குவதும் படம் மாறுவதும் எதிரிலேயே தெரியும். படம் கோணத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானோர் சறுக்குவது அதற்கும் முன்பே, படத்தை உருவாக்கும்போது. ஒரு புகைப்படத்தைக் கொடுத்து, ‘தானாகக் கோடாக மாற்று’ என்று மென்பொருளிடம் சொல்லிவிடுகிறார்கள். அது நிழலின் ஒவ்வொரு படியையும் தனித் திட்டாக எடுத்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு 300, 400 கிலோபைட் கோப்பைத் தரும். அதை 15க்குள் நசுக்கினால் முகம் முகமாக இருக்காது. புகைப்படத்தையே எஸ்விஜிக்குள் ஒளித்து வைத்து அனுப்பும் குறுக்குவழியும் இங்கே செல்லாது, ஏற்றும்போதே தள்ளுபடியாகும். புகைப்படத்தைக் கீழே வைத்து, அதன்மேல் கையால் கோடிழுத்து வரைவதுதான் நல்ல வழி. தலைமுடிக்கு ஒரு கறுப்புத் திட்டு, நிழலுக்கு ஒன்று, ஒளிக்கு ஒன்று என்று மூன்று, நான்கு நிறத்தில் நிறுத்திக்கொண்டால் ஒரு முகம் 15 கிலோபைட்டில் கம்பீரமாக உட்காரும். கையால் வரைந்த சினிமா பேனர்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமில்லை.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. ‘சென்னை’ என்று தட்டச்சு செய்து அப்படியே சேமித்தால், கோப்புக்குள் இருப்பது எழுத்தின் பெயர் மட்டுமே. அதன் வடிவம் எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு விளையாட்டின் சர்வரில் கிடையாது. எனவே எழுத்தை முதலில் கோடாக மாற்றியாக வேண்டும். இன்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்து Object to Path என்ற கட்டளையைக் கொடுத்தால், எழுத்து வெறும் வடிவமாகிவிடும். அதன்பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றுமுன் ஒரு பிரதியை வைத்துக்கொள்வது நல்லது.

சில வரைபட மென்பொருள்களுக்கு இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது. ‘செ’ என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் குறுக்கே முளைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுவார். தமிழ் தெரிந்தவருக்கு நெஞ்சு பதறும். ஏற்றுவதற்கு முன், கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவசியம். இன்க்ஸ்கேப் இதைச் சரியாகவே செய்கிறது.

எழுத்துரு எது என்பதும் முக்கியம். ‘சென்னை’யில் ஒற்றைக்கொம்பு, ச, புள்ளி வைத்த ன், இணைக்கொம்பு, ன என்று ஐந்து உருவங்கள் உள்ளன. சராசரி 40 வளைவு என்று வைத்தாலும் 200தான். முழு எண்ணில் எழுதினால் நான்கு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே அளவு தொல்லையில்லை, தடிமன்தான் தொல்லை. புத்தகத்துக்கான மெல்லிய எழுத்துருவில் இணைக்கொம்பின் இரு சுழிகளும் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கறையாகக் கலந்துவிடும். பாலு தம்பி போன்ற தடித்த உருண்டை எழுத்துருக்கள் தாங்கும். அது இலவசம், உரிமமும் திறந்தது. சுழிக்குள்ளே இருக்கும் வெற்றிடம் கோட்டின் தடிமனுக்காவது சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அடுத்த கார் ஓட்டுபவர் படித்துவிடுவார்.

அடுத்த காரிலிருப்பவர் பார்க்கப்போவது எது? பலரும் நாள்கணக்கில் கதவுகளை அலங்கரிக்கிறார்கள். பந்தயத்தில் பின்னால் வருபவர் சுற்றுச்சுற்றாகப் பார்த்துக்கொண்டே வருவது காரின் பின்புறத்தை. பக்கவாட்டு தெரிவது முந்தும் அந்தச் சில விநாடிகளில். படிக்க வேண்டிய பெயரைப் பின்கதவில் வைப்பதே அறிவு. ஸ்விஃப்ட் போன்ற காருக்கு அங்கே நல்ல அகலமான, ஏறக்குறைய செங்குத்தான தகடும் இருக்கிறது. நேர் பின்னாலிருந்து ஒட்டினால் நீட்சியும் இராது.

இன்னொன்றும் உண்டு. ஏற்றிய பிறகு விளையாட்டு அந்தப் படத்தைப் புள்ளிகளாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. அதனால் காரின் முழு நீளத்துக்கும் ஒரே ஸ்டிக்கரை இழுத்தால் ஓரங்கள் மங்கிப் போகும். நீளமான படம் வேண்டுமானால் இரண்டாக வெட்டி, இரண்டு கோப்பாக ஏற்றி, கதவு விளிம்பில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு பாதிக்கும் முழுத் தெளிவும், தனியாக 15 கிலோபைட்டும் கிடைத்துவிடும்.

எல்லா விளையாட்டும் இப்படி வெளியிலிருந்து படம் ஏற்ற விடுவதில்லை. எக்ஸ்பாக்ஸின் ‘ஃபோர்ஸா’ வரிசையில் வேறு வழி. அங்கே விளையாட்டு கொடுக்கும் வட்டம், சதுரம், முக்கோணம், எழுத்து போன்ற வடிவங்களை அடுக்கியே எதையும் செய்ய வேண்டும். ஒரு பிறை வேண்டுமென்றால் மஞ்சள் வட்டத்தை வைத்து, காரின் அடிநிறத்திலேயே இன்னொரு வட்டத்தைச் சற்றுத் தள்ளி அதன்மேல் வைத்து மறைப்பார்கள். அடிநிறம் ஒன்றாக இருக்கும்வரை இந்தத் தந்திரம் பலிக்கும். பிறைக்குக் கீழே இருநிறப் பட்டை ஓடினால் மறைக்கும் வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளை அடுக்கி, கண்ணிமையின் நிழல்வரை காட்டும் உருவப்படங்களைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் அனிமே பாத்திரங்களைக் கார் முழுக்கத் தீட்டும் இத்தாஷா என்ற பாணி அங்கே கொடிகட்டிப் பறக்கிறது. 2007இன் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 2’இல் ஏலக்கூடமும் இருந்தது. நல்ல கை வாய்த்தவர்கள், தீட்டிய காரை விளையாட்டுப் பணத்துக்கு ஏலம் விட்டார்கள். ஓட்டித் தோற்றாலும் தீட்டிப் பணக்காரராகலாம் என்ற நிலை இருந்தது.

கணினியில் ஓடும் ஐரேஸிங் மூன்றாவது வகை. அங்கே காரின் தோலை உரித்துப் பரப்பியதுபோன்ற ஒரு வரைசட்டம் கிடைக்கும். அதன்மேல் எந்த மென்பொருளிலும் என்ன வேண்டுமானாலும் தீட்டலாம். தீட்டிய படத்தை `car_123456.tga` என்பதுபோல, உங்கள் வாடிக்கையாளர் எண்ணோடு பெயரிட்டு, அந்தக் காருக்குரிய அடைவில் வைக்க வேண்டும். ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும். எதிராளியின் திரையில் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ட்ரேடிங் பெயின்ட்ஸ் என்ற சேவை. ஒரே பந்தயத்தில் கலந்துகொள்பவர்களின் வண்ணப் படங்களை ஒருவருக்கொருவர் தானாகவே இறக்கிக் கொடுக்கிறது.

கிரான் டூரிஸ்மோவில் அந்தச் சுற்றுவழி தேவையில்லை. பகிர்வது விளையாட்டுக்குள்ளேயே நடக்கிறது. முடித்த லிவரிக்குப் பெயரும் குறிச்சொற்களும் கொடுத்து எல்லாருக்கும் திறந்துவிட்டால், உலகின் எந்த மூலையிலும் அதே கார் வைத்திருப்பவர் அதைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டு ஓட்டலாம். குறிச்சொல்தான் தேடலின் உயிர். ‘என் ஸ்விஃப்ட் 3’ என்று பெயர் வைத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஃபோர்ஸாவில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒன்பது இலக்கப் பகிர்வு எண் உண்டு. நண்பருக்கு அந்த எண்ணை அனுப்பினால் போதும்.

பகிர்ந்தபின் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை உரிமை பற்றியவை. ஒருவர் பத்து நாள் உழைத்து வரைந்த சின்னத்தை இன்னொருவர் திரையிலிருந்து படம்பிடித்து, மறுபடி கோடாக்கித் தன் பெயரில் ஏற்றிவிடுவார். கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். தானாகக் கோடாக்கிய பிரதியில் கூர்முனைகள் மழுங்கியிருக்கும். நேர்கோடு லேசாக அலைந்திருக்கும். நிறுவனச் சின்னங்களின் நிலை இன்னும் சிக்கல். கல்ஃபின் வட்டச் சின்னத்தை வரைய உங்களுக்குக் கை இருக்கலாம். அதற்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஏற்றும்போது ஒப்புக்கொள்ளும் விதிகளில், பிறர் உரிமையை மீறும் படம் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. புகார் வந்தால் படம் நீக்கப்படும். வெளிர்நீலமும் ஆரஞ்சுப் பட்டையும் வைத்து, சின்னத்தின் இடத்தில் தம் கற்பனைப் பெட்ரோல் நிறுவனம் ஒன்றின் பெயரைப் போடுகிறவர்கள் உண்டு. பார்த்தவுடன் அந்த ஜிடி40 நினைவுக்கு வரும். ஆனால் படைப்பு அவர்களுடையது. பிரதியெடுத்த சின்னத்தைவிட இதுவே மேலான வேலை. வெறுப்பைத் தூண்டும் படங்களுக்கு விதி இன்னும் கடுமை. 2020இல் ஃபோர்ஸா, நாஜி ஸ்வஸ்திகாவையும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கூட்டமைப்புக் கொடியையும் வெளிப்படையாகவே தடை செய்தது.

ஆனால் இந்தப் படைப்புகளின் ஆயுள் சர்வரின் ஆயுள்தான். 2024 ஜனவரி 31 அன்று ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’டின் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்குமிருந்து வந்து குவிந்த லிவரிகளைத் தேடி இறக்கிக்கொள்ள அதன்பிறகு அந்த விளையாட்டில் வழியில்லை. ஏழாம் பாகத்துக்கு மாறியவர்கள் தம் பழைய லிவரிகளையும் ஸ்டிக்கர்களையும் கூடவே கொண்டுபோக முடிந்தது. மாறாதவர்களின் வேலை அங்கேயே நின்றுவிட்டது. அனுபவம் உள்ளவர்கள் இதனால் மூன்று பொருள்களைத் தம் கணினியில் தனியே வைத்துக்கொள்கிறார்கள்: கோடாக மாற்றுவதற்கு முந்தைய, திருத்தக்கூடிய எழுத்தோடு இருக்கும் மூலப் படம், 15 கிலோபைட்டுக்குச் சுருக்கிய எஸ்விஜி, காரை முன், பின், மேல், இரு பக்கம் என்று ஐந்து திசையிலும் நேராக நின்று எடுத்த திரைப்படங்கள். இந்த மூன்றும் இருந்தால், எந்த விளையாட்டில் எந்த எடிட்டர் வந்தாலும் ஸ்விஃப்ட்டின் பட்டை பானெட்டில் எங்கே முடிந்து பம்பரில் எங்கே தொடங்கியது என்பதைப் பார்த்து மறுபடி ஒட்டிவிடலாம்.